அடுத்த செவ்வாயா, வேறொரு நாளா?
கோரம் சேராத இயக்குநர் குழுக் கூட்டம்: இரண்டு வழிகள், இரண்டு கடிதங்கள்

கோவையில் பம்பு உதிரிபாகம் வார்க்கும் ஒரு தனியார் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். இயக்குநர்கள் ஏழு பேர். 2025 ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு அலுவலக மாடியில் இயக்குநர் குழுக் கூட்டம். முதல் வேலை, வங்கியில் கேட்டிருக்கும் கடன் வரம்பு உயர்வுக்கு ஒப்புதல் தருவது. மேசையில் ஏழு கோப்புகள் இருக்கின்றன. வந்திருப்பவர்களோ தலைவரும் இன்னொரு இயக்குநரும் மட்டுமே. மூன்றாமவர் சேலம் சாலையில் காரில் இருக்கிறார். தலைவரின் கைபேசியில் ஸ்பீக்கரைப் போட்டு, "நானும் இருக்கேன்னு எழுதிக்கங்க" என்கிறார்.

எழுத முடியாது. 2013-ஆம் ஆண்டு இந்தியக் கம்பெனிகள் சட்டத்தின் 174-ஆவது பிரிவு கோரம் எவ்வளவு என்பதைச் சொல்கிறது. மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது இரண்டு பேர். இவற்றில் எது அதிகமோ அது. பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஏழில் மூன்றில் ஒரு பங்கு இரண்டே கால் சொச்சம் என்பதால் மூன்று பேர் வேண்டும். காணொலி வழியாகக் கலந்துகொள்பவரும் கணக்கில் சேருவார். ஆனால் முகமும் குரலும் சேர்ந்து வரும் ஏற்பாடாக அது இருக்க வேண்டும். வெறும் குரல் அழைப்பில் இருப்பவர் வந்தவராக ஆகமாட்டார்.

ஆக, கூட்டம் நடக்கவில்லை. இப்போது கம்பெனி செயலர் ஏழு பேருக்கும் எழுத வேண்டும். என்ன எழுதுவது? இரண்டு வழிகள் உண்டு. சட்டமே குறித்துவிட்ட தள்ளிவைப்பு நாளைச் சொல்லி எழுதுவது ஒன்று. புதிதாக ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்து நோட்டீஸ் அனுப்புவது இன்னொன்று. பல அலுவலகங்களில் இவை இரண்டும் ஒன்றே என்ற நினைப்பில் ஒரே கடிதத்துக்குள் கலந்துவிடுகின்றன. தேதி, கால அவகாசம், பேசக்கூடிய பொருள், இரண்டாம் முறையும் ஆள் வராவிட்டால் நேர்வது ஆகிய நான்கிலுமே இவை வேறுவேறு. அந்த வேறுபாட்டைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறேன்.

நாளைக் குறிப்பது யார்?

தள்ளிவைப்பில் நாளைக் குறிப்பது சட்டம். 174-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி, கோரம் இல்லாததால் நடக்க முடியாத கூட்டம், கம்பெனியின் உள்விதிகள் வேறுவிதமாகச் சொல்லாத வரையில், அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்துக்குத் தானாகவே தள்ளிப்போகிறது. யாரும் தீர்மானம் போட வேண்டியதில்லை, போடவும் முடியாது. வந்திருக்கும் இருவரும் சேர்ந்து "வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம்" என்று பேசி முடிவெடுத்தால் அது இருவரின் பேச்சுதானே தவிர, குழுவின் முடிவு ஆகாது.

இங்கிலாந்தில் தனியார் கம்பெனிகளுக்கான மாதிரி உள்விதிகள் இந்த இடத்தில் வேறு பாதையில் போகின்றன. கோரம் இல்லாதபோது எந்த முன்மொழிவையும் வாக்குக்கு விடக்கூடாது, ஆனால் இன்னொரு கூட்டம் கூட்டும் முன்மொழிவை மட்டும் விடலாம் என்கிறது அங்கே 11-ஆவது விதி. வந்தவர்கள் கையில் அந்த ஒரே ஒரு அதிகாரத்தை அது கொடுத்துவிடுகிறது. நம் சட்டம் அதையும் கொடுக்காமல், தேதியைத் தானே எழுதி வைத்துவிட்டது.

அதனால் நம் கம்பெனிக்கு நாள் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ஜனவரி 7 செவ்வாய் என்றால் அடுத்த செவ்வாய் ஜனவரி 14. அன்று தைப்பொங்கல்.

செயலர் தலைவரிடம் இதைச் சொன்னதும் அவர் கேட்கிறார்: "பொங்கலன்னைக்கா? யாரும்மா வருவாங்க?"

"நாளை நாம குறிக்கலீங்க சார். சட்டமே குறிச்சிருச்சுங்க."

"லீவு நாளுன்னா அடுத்த நாளுக்குப் போகும்னு சொல்லுவாங்களே?"

தலைவர் சொல்வது பழைய கணக்கு. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 288-ஆவது பிரிவில் "பொது விடுமுறை" என்று இருந்தது. அந்தக் காலமாக இருந்தால் கூட்டம் பொங்கல் விடுமுறையைத் தாண்டிப் போயிருக்கும். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த இடத்தில் "தேசிய விடுமுறை" என்று மாறிவிட்டது. இந்தியக் கம்பெனி செயலர்கள் நிறுவனம் வகுத்து, சட்டத்தின் 118-ஆவது பிரிவால் கட்டாயமாக்கப்பட்ட எஸ்.எஸ்.-1 என்னும் செயலகத் தரநிலை, ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய மூன்றையும், மத்திய அரசு தேசிய விடுமுறை என்று அறிவிக்கும் வேறு நாளையும் அந்தச் சொல்லுக்குப் பொருளாகத் தருகிறது. 2025 ஆகஸ்ட் 8 வெள்ளியன்று ஒரு கூட்டம் கோரம் இல்லாமல் போனால், அடுத்த வெள்ளி ஆகஸ்ட் 15 என்பதால் அது சனிக்கிழமைக்குத் தள்ளும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்தச் சலுகை கிடையாது. பழைய புத்தகத்தை வைத்துப் பழகியவர்கள் இந்த ஒரு சொல்லில்தான் தவறுகிறார்கள்.

புதிய கூட்டத்தில் நாளைக் குறிப்பது மனிதர்கள். எந்த இயக்குநரும் எப்போது வேண்டுமானாலும் குழுவைக் கூட்டலாம். அவர் கேட்டால் செயலர் தலைவரைக் கலந்துகொண்டு அழைப்பு அனுப்ப வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் திரும்பும் நாள், தணிக்கையாளர் வரும் நாள், வங்கி கொடுத்திருக்கும் கெடு எல்லாவற்றையும் பார்த்துக் குறிக்கலாம். அந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு. அது கால அவகாசம்.

எத்தனை நாள் முன்னால்?

புதிய கூட்டம் என்றால் 173-ஆவது பிரிவு கேட்கும் ஏழு நாள் எழுத்துமூல நோட்டீஸ் முழுதாக வேண்டும். ஒவ்வோர் இயக்குநருக்கும், கம்பெனியில் பதிவாகியிருக்கும் அவர் முகவரிக்கு, நேரிலோ தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அனுப்பும் நாளையும் கூட்டம் நடக்கும் நாளையும் விட்டுவிட்டு நடுவே ஏழு நாள் எண்ணுவதுதான் செயலர்களிடையே வழக்கம். ஜனவரி 8 புதன்கிழமை மின்னஞ்சல் போனால் 9 முதல் 15 வரை ஏழு நாள். ஆக, 16-ஆம் தேதிக்கு முன்னால் கூட்ட முடியாது. விரைவுத் தபாலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்பினால் எஸ்.எஸ்.-1 இன்னும் இரண்டு நாள் சேர்க்கச் சொல்கிறது.

மிக அவசரமான விஷயத்துக்குக் குறைந்த அவகாசத்திலும் கூட்டலாம். அப்போது தனி இயக்குநர் உள்ள கம்பெனிகளில் அவர்களில் ஒருவராவது கூட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முடிவுகளை எல்லாருக்கும் அனுப்பி, ஒரு தனி இயக்குநராவது ஏற்றுக்கொண்ட பிறகே அவை உறுதியாகும். இதை அவசரத்துக்கென்று வைத்த கதவாகவே பார்க்க வேண்டும். வழக்கமாக நுழைகிற வாசலாக்கிவிடக்கூடாது.

தள்ளிவைத்த கூட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோரம் இல்லாத நாளன்று மாலையே செயலர் எழுதினாலும், ஜனவரி 8 முதல் 13 வரை நடுவே ஆறு நாள்தான் இருக்கும். தள்ளிவைத்த கூட்டத்தின் அறிவிப்பு, முதல் நாள் வராதவர்கள் உட்பட எல்லா இயக்குநர்களுக்கும் போக வேண்டும் என்கிறது எஸ்.எஸ்.-1. தள்ளிவைக்கும் நாள் அந்தக் கூட்டத்திலேயே முடிவாகாவிட்டால் அதற்கும் ஏழு நாள் தேவை என்றும் சொல்கிறது. ஆனால் சட்டம் குறிக்கும் நாளோ சரியாக ஒரு வாரத்தில் வந்துவிடுகிறது. இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற முடியாத இடம் இது.

சட்டத்தின் பிரிவுக்கும் தரநிலைக்கும் முரண் வந்தால் பிரிவுதான் மேல். அதனால் 14-ஆம் தேதி நிற்கிறது. ஆனால் ஆறு நாள்தான் இருக்கிறது என்பதற்காகக் கடிதத்தையே விட்டுவிடுவது பெரிய பிழை. அன்று மாலைக்குள், ஒரு நாளும் வீணாக்காமல், ஏழு பேருக்கும் போக வேண்டிய கடிதம் அது. அந்தக் கடிதம் நாளைத் தீர்மானிப்பதில்லை. ஏற்கெனவே தீர்மானமான நாளைத் தெரிவிக்கிறது. வராத ஐந்து பேரில் பலருக்கு அன்று கூட்டம் நடந்ததா இல்லையா என்பதே தெரியாது. அவர்களுக்கு அதைச் சொல்வதுதான் முதல் வேலை.

எதைப் பேசலாம்?

தள்ளிவைத்த கூட்டம் பழைய கூட்டத்தின் தொடர்ச்சி. அதனால் ஜனவரி 7-க்கு அனுப்பிய நிகழ்ச்சி நிரல்தான் 14-க்கும் நிரல். இடையில் ஒரு புதுப் பிரச்சினை வந்துவிட்டது, அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரியைச் செருகினால், அந்தப் பொருளைப் பற்றி இயக்குநர்களுக்கு முறையான நோட்டீஸே போகவில்லை என்ற கேள்வி வரும். புதிய கூட்டத்திலோ நிரலைப் புதிதாக எழுதலாம். பழைய பொருள்களை அப்படியே எடுத்துக்கொண்டு புதியவற்றையும் சேர்க்கலாம்; விளக்கக் குறிப்புகளையும் இன்றைய நிலவரத்துக்குத் திருத்தி அனுப்பலாம். வங்கி வட்டி விகிதத்தையோ பிணையையோ மாற்றிப் புதுக் கடிதம் கொடுத்திருந்தால் புதிய கூட்டமே பொருத்தம். ஏனெனில் பழைய குறிப்பை வைத்துக்கொண்டு புது நிபந்தனைக்கு ஒப்புதல் வாங்குவது, பின்னால் வங்கியின் சட்டப் பிரிவிலேயே தடைபடும்.

கூட்டமே இல்லாமல் சுற்றுத் தீர்மானமாக இதை முடிக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. 175-ஆவது பிரிவு அதை அனுமதிக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. கடன் வாங்கும் அதிகாரம் 179-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவில், குழுக் கூட்டத்தில் மட்டுமே தீர்மானிக்க வேண்டியவற்றின் பட்டியலில் இருக்கிறது. நம் கம்பெனியின் முதல் பொருளே அதுதான். அதனால் ஏதோ ஒரு நாளில் மூன்று பேர் கூடித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் முறையும் வராவிட்டால்?

மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது. "அடுத்த வாரம் எத்தனை பேர் வந்தாலும் அதுவே கோரம்" என்று பல இயக்குநர்கள் உறுதியாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்திலிருந்து வந்தது. பொதுக்கூட்டத்துக்கான 103-ஆவது பிரிவில் அரைமணி நேரம் காத்திருக்கும் விதி உண்டு. தள்ளிவைத்த கூட்டத்திலும் அரைமணிக்குள் கோரம் சேராவிட்டால் வந்திருக்கும் உறுப்பினர்களே கோரம் என்றும் அது சொல்கிறது. இயக்குநர் குழுவுக்கான 174-ஆவது பிரிவில் அரைமணியும் இல்லை, அந்தத் தளர்வும் இல்லை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பங்குதாரர் கூட்டத்துக்கு வருவது அவருடைய உரிமை. ஆயிரம் பேர் வராமல் இருந்தாலும் கம்பெனி நின்றுவிடக்கூடாது. இயக்குநருக்கோ அது பொறுப்பு. ஏழு பேர் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவை ஒருவர் தனியாக எடுக்கும் வழியைச் சட்டம் திறந்துவிடவில்லை. ஜனவரி 14 அன்றும் மூன்று பேர் வேண்டும். வராவிட்டால் அந்தக் கூட்டம் ரத்தானதாகவே ஆகிவிடும் என்கிறது எஸ்.எஸ்.-1. மூன்றாவது செவ்வாய்க்குத் தானாக ஒரு தள்ளிவைப்பு கிடையாது. அதற்கு மேல் இருப்பது புதிய கூட்டம் என்ற வழி மட்டுமே.

புதிய கூட்டத்துக்கு இப்படி ஒரு முடிவுப்புள்ளி இல்லை. ஜனவரி 20-க்கு அழைத்து அன்றும் ஆள் சேராவிட்டால், அது 27-க்குத் தானாகத் தள்ளிப்போகும். தள்ளிவைப்பை நம்புகிறவர் கடைசி வாய்ப்பில் நிற்கிறார். புதிதாகக் கூட்டுகிறவர் கையில் இன்னொரு வாரம் இருக்கிறது. ஆனால் அந்த இன்னொரு வாரம் பயன்படுமா என்பதை முடிவு செய்வது 120 நாள் கணக்கு.

120 நாள் கணக்கு

இரண்டு குழுக் கூட்டங்களுக்கு நடுவே 120 நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பது 173-ஆவது பிரிவு. நம் கம்பெனியின் முந்தைய கூட்டம் 2024 செப்டம்பர் 24 அன்று நடந்தது என்று கொள்வோம். அதிலிருந்து 120-ஆவது நாள் 2025 ஜனவரி 22, புதன்கிழமை.

இங்கேயும் பழைய சட்டத்தின் நினைவு தவறாக வழிகாட்டும். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 288-ஆவது பிரிவில் இரண்டாவதாக ஒரு பாதுகாப்பு இருந்தது. முறைப்படி அழைத்த கூட்டம் கோரம் இல்லாததால் மட்டும் நடக்காமல் போனால், அதனாலேயே கூட்ட இடைவெளி விதியை மீறியதாக ஆகாது என்று அது சொன்னது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வாசகம் இல்லை. "நாங்கள் அழைத்தோம், அவர்கள் வரவில்லை" என்பது இன்று பதில் ஆகாது. ஜனவரி 7 அன்று கூட்டம் அழைக்கப்பட்டது, நடக்கவில்லை. கணக்குக்கு எடுக்கும் நாள் கூட்டம் உண்மையில் நடந்த நாள்தான்.

இப்போது இரண்டு வழிகளையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். தள்ளிவைத்த 14-ஆம் தேதி, எட்டு நாள் கையிருப்போடு நிற்கிறது. ஆனால் பொங்கல் நாள். 16 காணும் பொங்கல். 20 திங்கட்கிழமை புதிய கூட்டம் என்றால் கெடுவுக்கு இரண்டு நாள் மிச்சம். அன்றும் கோரம் சேராவிட்டால் 27-க்குத் தள்ளிப்போகும். அது கெடுவைத் தாண்டிவிடும். ஆகவே 20-ஆம் தேதிக்கு மூன்று பேர் வருவார்கள் என்று நம்பினால் போதாது. வருகையை முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கூட்ட நாளைத் திட்டமிடும்போதே 120-ஆவது நாளுக்கு மூன்று வாரமாவது முன்னால் வைக்க வேண்டும் என்று நான் சொல்லிவருவது இதனால்தான். ஒரு தள்ளிவைப்பு, ஒரு புதிய நோட்டீஸ் இரண்டுக்கும் சேர்த்து அவ்வளவு இடம் தேவைப்படும்.

இரண்டு கடிதங்கள்

முதலாவது, தள்ளிவைப்பைத் தெரிவிக்கும் கடிதம். அன்று மாலையே போக வேண்டியது.

நாள்: 07.01.2025
பொருள்: கோரம் இல்லாததால் தள்ளிப்போன இயக்குநர் குழுக் கூட்டம்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,
இன்று காலை 11.00 மணிக்கு நம் பதிவு அலுவலகத்தில் நடைபெறவிருந்த இயக்குநர் குழுவின் 42-ஆவது கூட்டம், தேவையான மூன்று பேருக்குப் பதிலாக இரண்டு இயக்குநர்கள் மட்டுமே வந்திருந்ததால் நடைபெறவில்லை. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 174(4)-இன்படி இக்கூட்டம் 14.01.2025 செவ்வாய்க்கிழமை காலை 11.00 மணிக்கு அதே இடத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டதாகிறது. நிகழ்ச்சி நிரலும் குறிப்புகளும் ஏற்கெனவே தங்களுக்கு அனுப்பியவையே. புதிய பொருள் எதுவும் இல்லை. காணொலி வழியாகவும் கலந்துகொள்ளலாம். இணைப்பு இத்துடன் உள்ளது. தாங்கள் நேரில் வருவீர்களா, காணொலியில் வருவீர்களா என்பதை 10.01.2025-க்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்.
இப்படிக்கு,
கம்பெனி செயலர்

இரண்டாவது, புதிய கூட்டத்துக்கான நோட்டீஸ். மறுநாள் போகிறது.

நாள்: 08.01.2025
பொருள்: இயக்குநர் குழுவின் 43-ஆவது கூட்டம் – அறிவிப்பு

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,
இயக்குநர் குழுவின் 43-ஆவது கூட்டம் 20.01.2025 திங்கட்கிழமை காலை 11.00 மணிக்கு நம் பதிவு அலுவலகத்தில் நடைபெறும். நிகழ்ச்சி நிரலும், வங்கியின் கடன் வரம்புக் கடிதத்தை உள்ளடக்கிய குறிப்புகளும் இத்துடன் உள்ளன. காணொலி வழியாகக் கலந்துகொள்ள இணைப்பும் உள்ளது. பிரிவு 174(4)-இன்படி 14.01.2025-க்குத் தள்ளிப்போன 42-ஆவது கூட்டம் அந்நாளில் அப்படியே இருக்கிறது. அதில் கோரம் சேர்ந்து முடிவான பொருள்கள் இந்த நிரலிலிருந்து நீக்கப்படும். முந்தைய கூட்டத்திலிருந்து 120 நாள் 22.01.2025 அன்று முடிவதால், இக்கூட்டத்துக்குத் தங்கள் வருகையை 13.01.2025-க்குள் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டுகிறேன்.
இப்படிக்கு,
கம்பெனி செயலர்

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வினைச்சொற்களே வேறுபாட்டைக் காட்டிவிடும். முதல் கடிதத்தில் "தள்ளிவைக்கப்பட்டதாகிறது" என்று இருக்கிறது. எழுதுபவர் தள்ளிவைக்கவில்லை; நடந்ததைச் சொல்கிறார். இரண்டாவதில் "நடைபெறும்" என்று அழைப்பு இருக்கிறது. முதலாவது பழைய எண்ணோடு, பழைய நிரலைச் சுட்டிக்காட்டிப் போகிறது. இரண்டாவது புதிய எண்ணோடு, முழு நிரலோடு போகிறது. முதலாவதில் பிரிவு எண் கட்டாயம் இருக்க வேண்டும். ஏனெனில் பொங்கலன்று ஏன் கூட்டம் என்று கேட்பவருக்கு அதுதான் பதில். இரண்டாவதில் 120 நாள் கெடு இருக்க வேண்டும். ஏனெனில் வருகையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பதற்கு அதுதான் காரணம்.

இரண்டாவது கடிதத்தில் என் கண்ணுக்கு மிக முக்கியமாகப் படும் வாக்கியம், 14-ஆம் தேதிக் கூட்டம் "அப்படியே இருக்கிறது" என்பது. பெரும்பாலான அலுவலகங்களில் இந்த இடத்தில் "14-ஆம் தேதிக் கூட்டம் ரத்து செய்யப்படுகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். செயலருக்கு அந்த அதிகாரம் இல்லை, தலைவருக்கும் இல்லை. சட்டம் வைத்த நாளை ஒரு கடிதம் அழித்துவிடாது.

இது வெறும் சொல் நுணுக்கம் அல்ல. அண்ணன் தம்பி, பங்காளிகள் என இரு தரப்பாகப் பிரிந்திருக்கும் குடும்பக் கம்பெனியை நினைத்துப் பாருங்கள். "ரத்து" என்ற கடிதத்தை நம்பி நான்கு பேர் பொங்கலுக்கு ஊர் போய்விடுகிறார்கள். மீதி மூன்று பேர் 14-ஆம் தேதி 11 மணிக்கு, ஒருவர் நேரிலும் இருவர் காணொலியிலுமாகக் கூடுகிறார்கள். கோரம் இருக்கிறது. அவர்கள் தீர்மானம் போடுகிறார்கள். ஊர் போனவர்கள், ரத்து என்று எங்களுக்கு எழுதினீர்களே என்று கேட்கிறார்கள். வந்தவர்கள், பிரிவு 174(4)-ஐக் காட்டுகிறார்கள். இரு தரப்பின் கையிலும் ஆயுதமாவது செயலரின் அந்த ஒரு சொல்தான். உண்மையை முதலிலேயே எழுதிவிட்டால், 14-ஆம் தேதிக்கு வருவதா வேண்டாமா என்பதை ஒவ்வோர் இயக்குநரும் தெரிந்தே முடிவு செய்வார்.

எந்தக் கம்பெனிக்கு எது?

கம்பெனியின் உள்விதிகளைத்தான் முதலில் புரட்ட வேண்டும். தள்ளிவைப்பு நாளைத் தலைவர் குறிக்கலாம் என்றோ, வேறு ஒழுங்கு ஒன்றையோ அவை சொன்னால் அதன்படிதான் நடக்கும். மேலே சொன்ன தானியங்கித் தள்ளிவைப்பு அங்கே பொருந்தாது. உள்விதிகள் மௌனமாக இருந்தால் மட்டுமே இந்த ஒப்பீடு.

பிறகு, அன்று ஏன் ஆள் வரவில்லை என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ரயில் தாமதம், காய்ச்சல், கிடைக்காத காணொலி இணைப்பு போன்ற தற்செயலான காரணங்கள் என்றால் தள்ளிவைப்பே போதும். நிரலும் குறிப்பும் தயாராக இருக்கின்றன. ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும். அடுத்த வாரமும் அதே காரணம் நிற்கும் என்று தெரிந்தால், அது பண்டிகையோ வெளிநாட்டுப் பயணமோ தரப்புச் சண்டையோ எதுவானாலும், தள்ளிவைப்பைத் தெரிவித்துவிட்டுப் புதிய கூட்டத்துக்கு உடனே நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இரண்டாவது தோல்வி வரும்வரை காத்திருந்தால் ஒரு வாரம் போய்விடும். 120 நாள் கணக்கில் அந்த ஒரு வாரம் திரும்பக் கிடைக்காது.

நம் கம்பெனியில் செயலர் இரண்டு கடிதங்களையும் அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். 14-ஆம் தேதி காலை பத்தே முக்காலுக்கு, வாசலில் கோலம் போட்டிருந்த அலுவலகத்தைத் திறந்து காணொலி இணைப்பையும் போட்டு வைக்கிறார். அருகிலேயே வீடு உள்ள தலைவர் மட்டும் வருகிறார். காணொலியில் ஒருவர் எட்டிப் பார்க்கிறார். இருவர்தான். கோரம் இல்லை. தலைவர் அதைச் சொல்ல, குறிப்பேட்டில் பதிவாகிறது: வந்தவர்கள் யார், எத்தனை மணி வரை காத்திருந்தார்கள், கோரம் இல்லாததால் கூட்டம் ரத்தானது. ஜனவரி 7-க்கும் இதே போன்ற ஒரு பதிவு ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு கடிதங்களும் அனுப்பப்பட்டு, போய்ச் சேர்ந்ததற்கான சான்றுகள் கோப்பில் இருக்கின்றன. கூட்ட நாளிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டு அவற்றை வைத்திருக்க வேண்டும்.

20-ஆம் தேதி திங்கட்கிழமை மூன்று பேர் நேரில் வருகிறார்கள். இரண்டு பேர் காணொலியில். தலைவர் காணொலியில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார். ஒவ்வொருவரும் பெயர், தாம் இருக்கும் இடம், நிரலும் குறிப்புகளும் கிடைத்த விவரம், தம்மோடு வேறு யாரும் அந்த அறையில் இல்லை என்பது ஆகியவற்றைச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஜனவரி 7 அன்று சேலம் சாலையில் காரில் இருந்தவர். இந்த முறை அவர் முகம் திரையில் தெரிகிறது. பெயரும் வருகைப் பதிவில் ஏறுகிறது. ஐந்து பேர். கடன் வரம்புத் தீர்மானம் நிறைவேறுகிறது. 120-ஆவது நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.